ரிமைண்டர் அடித்தது சரி, பதிலைப் பார்த்தது யார்?

மாலையில் "பதில்களைப் பார்க்கவும்" என்று ஊழியர்களுக்கு ரிமைண்டர் அமைக்கும் புதியவர்கள் மாறி மாறி ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். நேரத்தைத் தப்பாகப் போடுவது, இணைப்பை ஒட்ட மறப்பது போன்றவை முதல் வாரத்திலேயே தானாகத் தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடலாம். இங்கே பேசப்போவது மாதக்கணக்கில் கண்ணில் படாமல் வாடிக்கையாளர்களை ஓட்டிவிடும் தவறுகளை.

பேச வசதியாக ஒரு வழக்கமான ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். தினமும் காலை 9 மணிக்கு, இதுவரை பதில் தராதவர்களுக்கு மென்பொருள் தானாக ஃபாலோ-அப் மெயில் அனுப்புகிறது. மாலை 5 மணிக்கு ஓர் ஊழியர் இன்பாக்ஸைப் பார்த்து, பதில் தந்தவர்களைப் பட்டியலிலிருந்து நிறுத்த வேண்டும்.

## ரிமைண்டர் போனாலே வேலை முடிந்தது என்று எண்ணுவது

இத்தனை பேர் சொல்லியும் இன்னும் நடக்கிற, பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான்.

முதலில், மாலையில் ஒரு மனிதர் ஏன் பார்க்க வேண்டியிருக்கிறது? வந்த மெயில் எதற்கான பதில் என்பதை மென்பொருள் பெரும்பாலும் `In-Reply-To`, `References` என்ற தலைப்பு வரிகளையும் அனுப்பியவரின் முகவரியையும் வைத்தே கண்டுபிடிக்கிறது. வாடிக்கையாளர் தன் சொந்த முகவரியிலிருந்து புது மெயிலாக எழுதினால் இரண்டும் பொருந்தாது. அவர் உங்கள் மெயிலைச் சக ஊழியரிடம் தள்ளிவிட்டு, அந்த ஊழியர் தனியாக எழுதினாலும் அப்படியே. சில பதில்கள் ஸ்பேமில் கிடக்கும். இதற்கு நேர்மாறாக, "விடுப்பில் இருக்கிறேன்" என்ற தானியங்கி மெயிலையே பதிலாக எடுத்துக்கொண்டு ஃபாலோ-அப்பை நிறுத்திவிடும் மென்பொருளும் உண்டு.

இப்போது ஒரு செவ்வாய்க்கிழமையை வைத்துப் பார்ப்போம். 14 பேர் பதில் தந்தார்கள். மென்பொருள் 11 பேரை அடையாளம் கண்டது. மீதி மூன்றில் ஒன்று சொந்த முகவரியிலிருந்து வந்தது, ஒன்று ஸ்பேமில் இருந்தது, மூன்றாவது சக ஊழியர் எழுதியது: "விலை விவரம் கிடைத்தது, வியாழக்கிழமை பேசலாம்." 5 மணிக்கு ரிமைண்டர் சரியாக அடித்தது. ஊழியர் அப்போது போனில் இருந்தார். அறிவிப்பைத் தள்ளிவிட்டார், பிறகு மறந்துவிட்டார். புதன் காலை 9 மணிக்கு அந்த மூவருக்கும் போனது: "எங்கள் மெயிலைப் பார்த்தீர்களா?" வியாழக்கிழமை பேசலாம் என்று சொன்னவருக்கு இதைப் படித்ததும் என்ன தோன்றும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பதிவுகளைத் திறந்து பார்த்தால் எல்லாம் பச்சை. ரிமைண்டர் அனுப்பப்பட்டது, மெயில் அனுப்பப்பட்டது, பிழை எதுவும் இல்லை. வேலை நடந்ததா என்ற ஒரு விவரத்துக்கு மட்டும் எங்கும் இடமே இல்லை.

அந்த இடத்தை உண்டாக்குவதுதான் தீர்வு. "பார்த்தேன்" என்று ஒரு டிக் போடச் சொன்னால் போதாது. பார்க்காமலேயே டிக் போடலாம், அவசரத்தில் போடவும் செய்வார்கள். பதிலாக நான்கு விவரங்களை எழுதச் சொல்லுங்கள்: யார் பார்த்தது, எந்த நேரம் வரை வந்த மெயில்களைப் பார்த்தது, ஸ்பேமையும் சேர்த்து எத்தனை பதில் இருந்தது, எத்தனை பேரைக் கையால் நிறுத்தியது. ஒன்றுமில்லை என்றாலும் 0 என்று எழுத வேண்டும். வெற்றுக் கட்டம் இருந்தால் பதில் வரவில்லையா, பார்க்கவே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

"எந்த நேரம் வரை" என்பதைத்தான் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அடுத்த முறை பார்ப்பவர் அந்த நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளி மாலைக்கும் திங்கள் மாலைக்கும் நடுவில் வந்தவை யார் கணக்கிலும் வராது.

அடுத்து, காலை அனுப்புதலை இந்தப் பதிவோடு கட்டிப்போடுங்கள். 5:00க்கு ரிமைண்டர். 5:45 வரை பதிவு இல்லை என்றால் மாற்று ஆளுக்கு ஒரு ரிமைண்டர். மறுநாள் 8:45க்கும் இல்லை என்றால் 9 மணி மெயில்கள் போகவே கூடாது, மேற்பார்வையாளருக்குத் தகவல் மட்டும் போக வேண்டும். "அனுப்புவது நின்றுவிட்டால்?" என்று இதைக் கேட்டதும் பதறுவார்கள். ஃபாலோ-அப் ஒரு நாள் தாமதமானால் யாரும் கவனிக்கப் போவதில்லை. பதில் சொன்னவரிடமே ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்பதை நிச்சயம் கவனிப்பார்கள்.

இதிலும் ஒரு ஓட்டை மிஞ்சும்: மாலை 5க்குப் பிறகு காலை 9க்குள் வருபவை. 8:30க்கு ஐந்து நிமிடப் பார்வை ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் அடைபடும். அதோடு, அடையாளம் காணப்படாத மெயில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் டொமைனிலிருந்து வந்திருந்தால், அந்த டொமைனில் உள்ள எல்லோருக்கும் அன்று ஃபாலோ-அப்பை நிறுத்திவைக்கலாம். இலவச மெயில் சேவைகளின் டொமைன்களுக்கு இது உதவாது; அங்கே கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி.

## குரூப்புக்கு அனுப்புவது

ஒரு பெயர், ஒரு மாற்றுப் பெயர். குரூப்பில் போட்டால் ஆளாளுக்கு மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள்.

## தினமும் ஒரே வாசகம்

"பதில்களைப் பார்க்கவும்" என்ற வரி பத்து நாளில் சுவரோடு சுவராகிவிடும். இப்படி இருக்கட்டும்: "நேற்று 5:10 வரை பார்த்தாயிற்று. அதன் பிறகு அடையாளம் தெரியாத மெயில்கள் 6, ஸ்பேமில் 9. நாளை காலை 42 பேருக்கு ஃபாலோ-அப் போகும்." எண்கள் தினமும் மாறுவதால் கண் நிற்கும், செய்யாவிட்டால் என்ன போகும் என்பதும் தெரியும்.

எண் பூஜ்யமானால் ரிமைண்டரையே நிறுத்திவிடலாமே என்று அடுத்த யோசனை வரும். வேண்டாம். மென்பொருளின் கண்ணுக்குத் தப்புவதைப் பிடிக்கத்தான் மனிதரை வைத்திருக்கிறோம். இன்பாக்ஸ் இணைப்பு அறுந்து போனாலும் மென்பொருள் 0 என்றுதான் காட்டும்.

## கிளம்பும் நேரத்தில் அடிப்பது

ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் முன்னதாக.

## சர்வரின் கடிகாரத்தை நம்புவது

பல சர்வர்கள் UTC நேரத்தில் ஓடுகின்றன. அங்கே இந்த வரி உங்கள் மாலை 5 மணியைக் குறிக்காது:

```
0 17 * * 1-5 /opt/remind/evening.sh
```

சில cron வகைகள் மட்டுமே `CRON_TZ` என்ற வரியை மதிக்கும். முதலில் `date` என்று தட்டிச் சர்வர் என்ன நேரம் சொல்கிறது என்று பாருங்கள். கோடை நேரம் கடைப்பிடிக்கும் ஊர்களில், UTCயில் கணக்குப் போட்டு எழுதிய வரி வருடத்தில் இரண்டு முறை ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும்.

இன்னொன்று: 5 மணிக்குச் சர்வர் அணைந்திருந்தால், அந்த ரிமைண்டரை cron பிறகு எழுந்து அனுப்பாது. systemd டைமரில் `Persistent=true` போட்டால், விட்டுப்போனதை மறுபடி ஓடத் தொடங்கியதும் அனுப்பும். வராத ரிமைண்டரை யாரும் தேட மாட்டார்கள். ஆகவே 8:45 சோதனையை அதே சர்வரில் வைக்காமல், மெயில் அனுப்பும் மென்பொருளுக்குள்ளேயே வையுங்கள். ரிமைண்டர் செத்துக் கிடந்தாலும் பதிவு இல்லாததைப் பார்த்து அனுப்புதல் நிற்கும்.

## விடுமுறை நாட்கள்

`1-5` என்பதற்குப் பண்டிகை தெரியாது. விடுமுறைப் பட்டியலை அனுப்புதலுக்கும் ரிமைண்டருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால், ஊழியர்கள் வீட்டில் இருக்கும் நாளிலும் மெயில் போய்க்கொண்டிருக்கும்.