சென்னிமலை ஏறி இறங்கிய பிறகு எதைக் குடிப்பது? கரும்புச்சாறு, எளநி, பாட்டில் பானம்: ஒரு கணக்கு

ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் கொங்கு நாட்டில் ஆடிக்காற்றுக்குள்தான் வந்து இறங்குகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்று, பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் வியர்வையை உடம்பில் நிற்க விடாது. சட்டை நனையாததால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். சாயங்காலம் தலைவலியும் கெண்டைக்கால் பிடிப்பும் வந்த பிறகுதான் தெரியும்.

எவ்வளவு போனது என்று தெரிந்துகொள்ள ஒரு எடை மிஷின் போதும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் காலை ஒன்பது மணிக்குச் சென்னிமலையின் 1,320 படிகளை ஏறி, சாமி கும்பிட்டு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் அரை லிட்டர் தண்ணீர் குடித்தார். வீட்டுக்கு வந்து, காலையில் போட்டிருந்த அதே அளவு துணியோடு எடை பார்த்தால் 69 கிலோ. குறைந்தது ஒரு கிலோ, இடையில் குடித்தது அரை லிட்டர். ஆக வியர்வையாகப் போனது ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்.

குறைந்த ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர் குடித்தால் போதாது. குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும் என்பதால், அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும். கூடவே உப்பும். வியர்வையில் சோடியம் ஆளுக்கு ஆள் மாறும். தோராயமாக லிட்டருக்கு ஒரு கிராம் என்று வைத்தால், இவருக்கு ஒன்றரை கிராம் சோடியம் போயிருக்கிறது. சமையல் உப்பாகச் சொன்னால் ஏறத்தாழ நாலு கிராம், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. குளிர் நாட்டிலிருந்து வந்து பத்துப் பதினைந்து நாள் ஆகாதவர்களின் வியர்வையில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். வெயிலுக்குப் பழகிய பிறகுதான் உடம்பு உப்பைப் பிடித்து வைக்கக் கற்றுக்கொள்கிறது. கூடவே மலையேறிய உள்ளூர்ச் சித்தப்பாவுக்கு ஒன்றும் ஆகாமல் உங்களுக்கு மட்டும் கால் பிடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது அடிவாரத்துக்கு வருவோம். கரும்புச்சாற்றில் நூறு மில்லிக்குப் பதினைந்து கிராம் அளவில் சர்க்கரை இருக்கும், கரும்பு நன்றாக முற்றியிருந்தால் கூடவும் இருக்கும். கவுந்தப்பாடிப் பக்கம் கொப்பரையில் காய்ச்சி நாட்டுச்சர்க்கரை எடுப்பதும் இதே சாற்றிலிருந்துதான் என்பதை நினைத்தால் ஆச்சரியமில்லை. முந்நூறு மில்லி டம்ளரில் நூறு மில்லி இடத்தை ஐஸ் எடுத்துக்கொண்டால் முப்பது கிராம் சர்க்கரை, அதாவது ஆறு டீஸ்பூன். ஐஸ் வேண்டாம் என்று சொல்லி டம்ளர் நிறையச் சாறாகவே வாங்கினால் நாற்பத்தைந்து கிராம் ஆகிவிடும். சோடியம் இல்லை என்றே சொல்லலாம். இவ்வளவு அடர்த்தியான சர்க்கரை வயிற்றிலிருந்து குடலுக்கு மெதுவாகத்தான் இறங்கும். குடலும் அதை நீர்க்கச் செய்ய முதலில் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். குடித்ததும் வயிறு கனத்து, அரை மணி நேரத்தில் மறுபடி தாகம் எடுப்பது இதனால்தான். எலுமிச்சையும் இஞ்சியும் வைத்துப் பிழிந்த ஒரு டம்ளர் சாற்றை ருசிக்காகக் குடிக்கலாம், தாகத்துக்கு அல்ல.

ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018 முதல் விதி இருக்கிறது. ஆனாலும் சாக்கில் சுற்றிய பார் ஐஸை உடைத்துப் போடும் இடத்தில் ஐஸ் இல்லாமல் அரை டம்ளர் கேளுங்கள். கண்ணெதிரே பிழிந்ததை மட்டும் வாங்குங்கள். பிழிந்து வைத்த சாறு சீக்கிரம் பழுப்பாகி, பிறகு புளிக்கத் தொடங்கிவிடும்.

எளநி வேறு கதை. நூறு மில்லிக்கு நாலு கிராம் அளவே சர்க்கரை. முந்நூறு மில்லி தண்ணீர் உள்ள பொள்ளாச்சிக் காயில் பன்னிரண்டு கிராம், இரண்டரை டீஸ்பூன். பொட்டாசியம் ஏராளம், ஒரு காயில் அறுநூறு மில்லிகிராம் வரைகூட இருக்கும். ஆனால் வியர்வையில் முக்கியமாகப் போனது பொட்டாசியம் அல்ல, சோடியம். எளநியில் குறைவாக இருப்பதும் அதுதான். நாலு எளநி அடுத்தடுத்துக் குடித்தும் கால் பிடிப்பு நிற்கவில்லை என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். வெட்டும்போது, “ஏனுங்க, தண்ணிக் காயா ஒண்ணு வெட்டுங்க” என்று கேளுங்கள். வழுக்கை கெட்டியாகக் கெட்டியாகக் காயில் தண்ணீர் குறையும். ஒரு சிட்டிகை உப்பைக் காய்க்குள்ளேயே போட்டுக் கலக்கிக் குடித்தால் சோடியம் ஏறத்தாழ பாட்டில் பானத்தின் அளவுக்கு வந்துவிடும். தண்ணீர் இளஞ்சிவப்பாகவோ புளிப்பாகவோ இருந்தால் அது விரிசல் விட்ட பழைய காயாக இருக்கலாம், கீழே ஊற்றிவிடுங்கள்.

பாட்டிலில் வரும் ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் வழக்கமாக நூறு மில்லிக்கு ஆறு கிராம் சர்க்கரையும் நாற்பத்தைந்து மில்லிகிராம் சோடியமும் இருக்கும். அரை லிட்டர் பாட்டிலில் முப்பது கிராம் சர்க்கரை. ஐஸ் போட்ட கரும்புச்சாற்று டம்ளரில் இருந்த அதே ஆறு டீஸ்பூன்தான். பாட்டிலின் பின்பக்க அட்டவணை ஒரு பரிமாறும் அளவுக்கா, நூறு மில்லிக்கா என்று முதலில் பாருங்கள். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவருக்கு, சைக்கிள் மிதிப்பவருக்கு இது பொருந்தும். மலை இறங்கி நேராகச் சாப்பாட்டுக்குப் போகிறவருக்குத் தேவையில்லாத சர்க்கரை.

அவருக்கு என்ன வழி? இறங்கியதும் ஒரு எளநி. அடுத்த ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. மதியச் சாப்பாட்டோடு அரை டீஸ்பூன் உப்புப் போட்ட நீர்மோர் எழுநூறு மில்லி. எளநியில் பன்னிரண்டு கிராம் சர்க்கரை, மோரில் பாலின் சர்க்கரை சிறிதளவு, அவ்வளவுதான். மோரிலுள்ள உப்பே ஒரு கிராம் சோடியத்தைத் தந்துவிடும், மீதியைச் சாம்பாரும் ஊறுகாயும் பார்த்துக்கொள்ளும். எளநி கிடைக்காவிட்டால் வழியோரக் கம்மங்கூழ் வண்டியில் மோர் கலந்து ஒரு சொம்பு குடிக்கலாம். ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்த உப்புக் கணக்கைத் தங்கள் டாக்டரிடம் கேட்டே பின்பற்ற வேண்டும்.

வயிற்றுப்போக்கு என்றால் மேலே சொன்ன மூன்றுமே வேண்டாம். கரும்புச்சாற்றின் சர்க்கரை போக்கைக் கூட்டும். எளநியிலும் பாட்டில் பானத்திலும் உள்ள சோடியம் பற்றாது. அதற்கு மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பொடியைக் கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டில் லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று இருக்க வேண்டும். ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கி வந்த இனிப்பு டப்பா பானங்களில் சர்க்கரை இதைவிடப் பல மடங்கு இருந்தது. இந்த அளவுக்கு ஒத்துவராதவை அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. உப்பு அளவுக்கு மீறிச் செறிந்து, குழந்தைகளுக்கு ஆபத்தாகிவிடும். பேதியாகும் ஒவ்வொரு முறையும் இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் கேட்கும் அளவு. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தை அழுதும் கண்ணீர் வரவில்லை, மலத்தில் ரத்தம் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எளநி எல்லோருக்கும் நல்லது என்று அப்பா அம்மாவுக்குத் தினம் இரண்டு காய் வாங்கித் தருபவர்கள் அவர்களின் மாத்திரைப் பெட்டியையும் பாருங்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றை எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைக்கலாம். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சர்க்கரை நோயுள்ளவருக்கோ ஒரு எளநியைக் கணக்கில் வைத்துக் கொடுக்கலாம், கரும்புச்சாறு வேண்டாம்.