ஏஐ கிளிப்களை ஒரே காட்சியாக இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்க் கோட்டையில் ஒரு காலைக் காட்சி என்று வைத்துக்கொள்வோம். கல்லூரிப் பெண் ஒருத்தி அகழியைக் கடந்து கோட்டை வாசலை நோக்கி நடந்து வருகிறாள். வாசல் முகப்பில் அவளுடைய தாத்தா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மொத்தம் இருபது நொடி. Wan 2.1 போன்ற வீடியோ உருவாக்கும் ஏஐ மாடல் ஒரு தடவைக்கு 81 ஃபிரேம், நொடிக்கு 16 வீதம், ஏறக்குறைய ஐந்து நொடிதான் தரும். ஆக நாலு கிளிப் வேண்டும்.

இங்கே பலரும் முதலில் செய்வது, நாலுக்கும் ஒரே சீடு எண்ணைப் போடுவது. அப்படிச் செய்தால் முகமும் வெளிச்சமும் ஒன்றாகிவிடும் என்று நம்புகிறார்கள். ஆகாது. சீடு எண் தீர்மானிப்பது மாடல் வேலையைத் தொடங்கும் இரைச்சல் புள்ளிகளை மட்டும்தான். அந்தப் பெண் யார், வெயில் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அதில் இல்லை. பிராம்ப்டை மாற்றினால் அதே இரைச்சலிலிருந்து வேறு படம் வரும். அளவையோ ஃபிரேம் எண்ணிக்கையையோ மாற்றினால் இரைச்சலே வேறாகிவிடும். ஒரு ஷாட்டை அப்படியே திரும்ப எடுக்கவும், பிராம்ப்டில் ஒரு சொல்லை மாற்றினால் என்ன ஆகிறது என்று பார்க்கவும் சீடு எண் உதவும். அதற்காகக் குறித்து வையுங்கள், போதும்.

காட்சியை ஒன்றாகப் பிடித்து வைப்பது தொடக்கப் படங்கள். ஒரே மூலப் படத்திலிருந்து, அதே பெண், அதே உடை, அதே கருங்கல் சுவர் இருக்கும்படி நாலு ஷாட்டுக்கும் நாலு நிலைப்படங்கள் தயார் செய்து, அப்புறம் அவற்றை வீடியோவாக மாற்றுங்கள். நிலைப்படத்தைத் திருத்துவது சுலபம். கிளிப்பைத் திருத்துவது கடினம்.

வெளிச்சத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. கோட்டை வாசல் கிழக்கே இருக்கிறது. உள்ளே வருபவளுக்குக் காலை வெயில் முதுகில் விழும். வாசலிலிருந்து அவளைப் பார்க்கும் கேமராவுக்கு முகம் சற்று இருட்டாகவும் கூந்தல் ஓரம் மின்னியும் தெரியும், நிழல் கேமராவை நோக்கி நீளும். கிழக்கே பார்த்து நிற்கும் தாத்தாவுக்கோ வெயில் நேராக முகத்தில். ஆனால் இரண்டு பிராம்ப்டிலும் ‘பொன்னான காலை ஒளி, சினிமாத் தரம்’ என்று எழுதினால், மாடல் பெரும்பாலும் இருவருக்கும் பின்னாலேயே சூரியனை வைத்துவிடும். எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் பின்னால் சூரியன்! பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் இருவரும் ஒரே இடத்தில் இல்லை என்று தோன்றிவிடும். ஆகவே ஒளியின் அழகை எழுதாமல், அது விழும் இடத்தை எழுதுங்கள். தாத்தா ஷாட்டுக்கு: ‘சூரியன் கேமராவுக்குப் பின்னால், தாழ்வாக, முகத்தில் நேர் வெயில், நிழல் அவருக்குப் பின்னால் நீள்கிறது.’ கலர் கரெக்‌ஷன் மஞ்சளைக் கூட்டும், குறைக்கும். நிழலைத் திருப்பிப் போடாது.

அடுத்தது சங்கிலி போடுவது. முதல் கிளிப்பின் கடைசி ஃபிரேமை எடுத்து இரண்டாவதின் தொடக்கமாக வைப்பது நல்ல வழிதான். அந்த ஃபிரேமை ffmpeg என்ற வீடியோ கருவியில் இந்தக் கட்டளையால் எடுக்கலாம்:

```
ffmpeg -sseof -1 -i clip1.mp4 -update 1 last.png
```

ஆனால் இதையே தொடர்ந்து செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் படம் அமுக்கப்பட்டு, மாடலுக்குள் போய்த் திரும்பி வருகிறது. நிறம் அடர்த்தியாகும், கல்லின் சொரசொரப்பு பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாகும், முகம் கொஞ்சம் கொஞ்சமாக வேறொருத்தி ஆகும். முதல் கிளிப்பையும் நாலாவதையும் அருகருகே வைத்தால் பளிச்சென்று தெரியும். ஒரு தடவை சங்கிலி போட்டால் அடுத்த ஷாட்டைப் புதிய தொடக்கப் படத்திலிருந்து ஆரம்பியுங்கள். நிறம் சரிசெய்யும்போதும் ஒவ்வொன்றையும் முந்தையதோடு ஒப்பிடாமல், எல்லாவற்றையும் ஒரே கிளிப்போடு ஒப்பிடுங்கள்.

சங்கிலியில் இன்னொரு சிக்கல்: ஒற்றை ஃபிரேமில் வேகம் தெரியாது. கால் தூக்கி நிற்கும் பெண்ணைப் பார்த்து, எவ்வளவு விரைவாக நடந்தாள் என்று மாடலால் சொல்ல முடியாது. அதனால் இணைப்பில் நடை தயங்கி, பிறகு தொடங்குகிறது. கடைசிப் பல ஃபிரேம்களை வாங்கிக்கொண்டு நீட்டிக்கும் வசதி உங்கள் கருவியில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அங்கே வெட்டி, தூர ஷாட்டிலிருந்து பாதங்களின் நெருக்க ஷாட்டுக்குப் போங்கள். கிளிப்பின் தொடக்கத் தயக்கத்தைக் கழித்து, இரண்டு பக்கமும் அசைவின் நடுவிலேயே வெட்ட வேண்டும்.

தையல் தெரிகிறதே என்று டிசால்வ் போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். ஒரு கிளிப்பில் நின்ற இடத்திலிருந்து அடுத்ததில் பெண் ஒரு அங்குலம் தள்ளி நிற்பாள். ஒன்றின்மேல் ஒன்று கரையும்போது இரட்டைத் தலை தெரியும். நேர் வெட்டே மேல். சங்கிலி போட்ட இடத்தில் இரண்டாவது கிளிப்பின் முதல் ஃபிரேமை நீக்கிவிடுங்கள், அது முந்தையதின் கடைசி ஃபிரேமேதான். விட்டால் படம் ஒரு கணம் நின்று நகரும்.

ஒலியைக் கிளிப் வாரியாக வைக்க வேண்டாம். பறவைச் சத்தமும் தூரத்துப் பேருந்து இரைச்சலும் ஒரே டிராக்காக இருபது நொடியும் ஓடட்டும். வெட்டுக்கு வெட்டு பின்னணிச் சத்தம் மாறினால், படம் எவ்வளவு பொருந்தியிருந்தாலும் காது கண்டுபிடித்துவிடும்.