ரோவாஸ் 4, ஆனால் கையில் நஷ்டம்: விளம்பரக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளம்பரத் திரையில் ROAS என்று ஒரு எண் வரும். விளம்பரத்தால் வந்த விற்பனையை விளம்பரச் செலவால் வகுத்தால் கிடைப்பது அது. 1 போட்டால் 4 திரும்ப வந்தது என்று படிக்கும்போது, மூன்று பங்கு லாபம் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. வந்தது விற்பனை, லாபம் அல்ல. பொருளை வாங்கிய காசு, அனுப்பிய காசு, திரும்பி வந்த பொருளுக்குத் திருப்பிக் கொடுத்த காசு எதுவும் அந்த எண்ணுக்குத் தெரியாது.

இதை அறியாதவர்கள் குறைவு. கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர்கள் செய்யும் தவறுதான் அதிகச் சேதம் செய்கிறது. 1,000க்கு விற்கும் பொருளின் அடக்கவிலை 500, ஆகவே மார்ஜின் 50 சதவீதம், 1ஐ 0.5ஆல் வகுத்தால் 2. ரோவாஸ் 2ஐத் தாண்டினால் எல்லாம் லாபம் என்று போட்டுவிடுகிறார்கள். வாய்ப்பாடு சரிதான், அதில் போட்ட மார்ஜின்தான் தவறு.

அதே பொருளை 100 ஆர்டருக்குப் போட்டுப் பார்க்கலாம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். விலை 1,000, அதன் மேல் வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கட்டுவது 1,100. கடைத் தளத்தின் அமைப்பைப் பொறுத்து, பில்லின் மொத்தத் தொகை அப்படியே விளம்பரத் தளத்துக்குப் போய்விடும். ஆகவே திரையில் தெரியும் விற்பனை 1,10,000. விளம்பரச் செலவு 27,500. ரோவாஸ் 4, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இனி கழித்துக்கொண்டே வருவோம். வரி 10,000 நம் காசே இல்லை, மிச்சம் 1,00,000. நூறில் 15 ஆர்டர் திரும்பி வந்தால் 15,000 போய் 85,000 நிற்கும். விற்று நின்ற 85 பொருளின் அடக்கம் 42,500. திரும்பி வந்த 15இல் 5 மறுபடி விற்க முடியாதபடி வந்தால் இன்னொரு 2,500. அனுப்பும் கூலி ஆர்டருக்கு 80 என்றால் 8,000. திரும்ப எடுத்துவர 15 முறை மறுபடியும் அதே 80, அது 1,200. பெட்டி, டேப், பேக்கிங் ஆள்கூலி எல்லாம் ஆர்டருக்கு 30 என்றால் 3,000. பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்தின் கட்டணம் 2 சதவீதம், அதாவது 2,200. ஆர்டர் ரத்தானாலும் இதைப் பல நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை.

கழித்த செலவு மொத்தம் 59,400. விளம்பரத்துக்கு முன் கையில் நிற்பது 25,600. விளம்பரத்துக்குக் கொடுத்தது 27,500. 100 ஆர்டருக்கு 1,900 நஷ்டம்.

இந்த 25,600தான் பங்களிப்பு மார்ஜின். திரையில் தெரியும் விற்பனையை இதால் வகுத்தால், அதாவது 1,10,000 வகுத்தல் 25,600, கிடைப்பது 4.3. இந்தக் கடைக்கு நஷ்டமில்லாத ரோவாஸ் 2 அல்ல, 4.3. மேலே வகுபடும் எண்ணாக வரி நீக்கிய விற்பனையைப் போட்டுவிட்டு, திரையில் வரி சேர்ந்த ரோவாஸோடு ஒப்பிட்டால் மறுபடியும் ஏமாறுவோம். திரை எதைக் கணக்கில் எடுக்கிறதோ, அதையேதான் மேலே போட வேண்டும். கடை வாடகை, மாதச் சம்பளம் இதில் சேரவில்லை. ஆகவே 4.3 வந்தாலும் அந்தச் செலவுக்கு ஒரு காசும் மிஞ்சாது.

அடுத்த தவறு தள்ளுபடி. ரோவாஸ் குறைந்தால் கை முதலில் போவது அங்கேதான். அதே பொருளுக்கு 10 சதவீதம் குறைத்தால் அதிகம் பேர் வாங்குவார்கள், ஓர் ஆர்டருக்கான விளம்பரச் செலவு குறையும், ரோவாஸ் 4இலிருந்து 4.8 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். திரையைப் பார்ப்பவர் பலித்துவிட்டது என்பார். ஆனால் அடக்கம், அனுப்பும் கூலி, பேக்கிங் எதுவும் 10 சதவீதம் குறையவில்லை. குறைந்த தொகை முழுவதும் மார்ஜினிலிருந்தே போகிறது. விற்று நின்ற 85 ஆர்டரில் தலைக்கு 100 போனால் 8,500. கட்டணத்தில் மிச்சமாகும் 220ஐச் சேர்த்தால் பங்களிப்பு 17,320. திரையில் விற்பனை 99,000. நஷ்டமில்லாத ரோவாஸ் 5.7க்கு ஏறிவிட்டது. 4.8இல் விளம்பரச் செலவு 20,625. 100 ஆர்டருக்கு நஷ்டம் 1,900இலிருந்து 3,305 ஆகிறது. ரோவாஸும் ஏறுகிறது, நஷ்டமும் ஏறுகிறது. ஆர்டர் எண்ணிக்கையும் கூடியிருப்பதால் மொத்த நஷ்டம் இன்னும் பெரிது. தள்ளுபடி அறிவிக்கும் முன், புதிய விலைக்கு இந்த எல்லையை மறுபடி போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

மூன்றாவது தவறு, சராசரியை நம்பிச் செலவை ஏற்றுவது. எல்லை 4.3 என்ற அதே கடையில் 10,000 செலவுக்கு 60,000 விற்பனை வருகிறது, ரோவாஸ் 6. செலவை 20,000 ஆக்கியதும் விற்பனை 90,000, ரோவாஸ் 4.5. எல்லைக்கு மேல்தானே என்று விட்டுவிடுவார்கள். ஆனால் கூடுதலாகப் போட்ட 10,000 கொண்டுவந்தது 30,000 மட்டுமே. அந்தப் பகுதியின் ரோவாஸ் 3. முன்பு பங்களிப்பு ஏறத்தாழ 13,960, விளம்பரம் போக 3,960 நின்றது. இப்போது பங்களிப்பு 20,950, விளம்பரம் போக நிற்பது 950. விற்பனை ஒன்றரை மடங்கு, லாபம் நாலில் ஒரு பங்கு. செலவை ஏற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டியது, கூடின செலவுக்குக் கூடின விற்பனை எவ்வளவு என்பதைத்தான்.

பல பொருள் விற்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. இலக்கு ரோவாஸ் வைத்து ஓடவிட்டால், தளம் மார்ஜினைப் பார்க்காது. எதில் விற்பனைத் தொகை சுலபமாக வருகிறதோ அந்தப் பக்கமே காசைத் தள்ளும். விலை அதிகம், மார்ஜின் குறைவு என்ற பொருள் அதில் முந்திக்கொள்ளும். மார்ஜின் ஒத்த பொருள்களை ஒரே கேம்பெயினில் சேர்த்து, ஒவ்வொரு கேம்பெயினுக்கும் வேறு இலக்கு வைப்பது ஒரு வழி. விற்பனைத் தொகைக்குப் பதிலாக ஆர்டரின் பங்களிப்புத் தொகையையே தளத்துக்கு அனுப்புவது இன்னும் நேரான வழி. அப்போது எண் 1ஐத் தாண்டினாலே விளம்பரச் செலவு திரும்பிவிட்டது என்று அர்த்தம். திரையில் எண் திடீரெனச் சிறுத்துத் தெரியும், குழுவில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திரும்பி வரும் ஆர்டர்களையும் தளம் தானாகக் கழிக்காது, நாமாகத் திருத்தம் அனுப்பினால்தான் உண்டு. அதனால் போன வார ரோவாஸை இந்த வாரம் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. திருப்பி அனுப்ப 30 நாள் அவகாசம் தரும் கடை, அந்த நாட்கள் முடிந்த ஆர்டர்களை வைத்துத்தான் திரும்பும் விகிதத்தைப் போட வேண்டும்.

முதல் ஆர்டரில் நஷ்டமானால் பரவாயில்லை, திரும்ப வாங்குவார்கள் என்பது சில தொழில்களுக்கு உண்மைதான். இதையும் எண்ணில் வையுங்கள். மேலே உள்ள நஷ்டம் ஓர் ஆர்டருக்கு 19. விளம்பரமில்லாமல் வரும் மறு ஆர்டரின் பங்களிப்பு 256. நூறு பேரில் எட்டுப் பேர் ஒருமுறை திரும்பி வந்தால் நஷ்டம் அடைபடும். அந்த எட்டுப் பேர் எத்தனை மாதத்தில் வருகிறார்கள், அதுவரை சரக்கு வாங்கப் பணம் இருக்கிறதா என்பதற்குப் பழைய ஆர்டர் பட்டியலில்தான் பதில் கிடைக்கும்.