கோர்ட் செய்தியில் ‘தடை’ என்று வந்தால்: இடைக்காலத் தடையையும் இறுதித் தீர்ப்பையும் பிரித்து எழுதுவது எப்படி?

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு சின்ன நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தபோது நான் போட்ட தலைப்பு: “கடைகளைக் காலி செய்ய ஐகோர்ட் தடை: வியாபாரிகள் வெற்றி”. நகராட்சி அனுப்பிய நோட்டீஸை ஐகோர்ட் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருந்தது, நடந்தது அவ்வளவுதான். அந்தத் தலைப்பைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்த ஒரு கடைக்காரர், வழக்கு முடிந்துவிட்டது என்று நம்பி கடன் வாங்கிப் புதிதாக ஷட்டர், அலமாரி எல்லாம் போட்டுவிட்டார். எட்டு மாதம் கழித்து மனு தள்ளுபடி. ஆபீஸுக்கு போன் பண்ணி, “ஜெயிச்சாச்சுன்னு நீங்கதானே சார் போட்டீங்க?” என்று கேட்டார். திட்டக்கூட இல்லை. அதற்கப்புறம் கோர்ட் செய்தி எழுதுவதற்கு எனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். செய்தி எழுதப் பழகுபவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன். ஐகோர்ட், சுப்ரீம் கோர்ட், மனு, மேல்முறையீடு எல்லாம் என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், கையில் இருப்பது எந்தக் காகிதம் என்று பாருங்கள்

ஒரு வழக்குக்குள் பெரும்பாலும் இரண்டு மனுக்கள் இருக்கும். சென்னை ஐகோர்ட் ரிட் வழக்கு என்றால் முதன்மை மனுவுக்கு டபிள்யூ.பி. எண், “அது முடியும்வரை இதை நிறுத்தி வையுங்கள்” என்று கேட்கும் துணை மனுவுக்கு டபிள்யூ.எம்.பி. எண். சிவில் கோர்ட்டில் ஓ.எஸ்., ஐ.ஏ. என்று வரும். தடை கிடைப்பது துணை மனுவில், தீர்ப்பு வருவது முதன்மை மனுவில். ஆகவே உத்தரவின் தலைப்பகுதியில் எந்த எண் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி குழப்பம் போய்விடும்.

மீதியைக் கடைசிப் பத்தி சொல்லிவிடும். அடுத்த விசாரணைத் தேதி, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ், “அதுவரை” என்றெல்லாம் இருந்தால் வழக்கு உயிரோடு இருக்கிறது. சென்னை ஐகோர்ட்டின் இறுதி உத்தரவுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி முடியும்: மனு ஏற்கப்பட்டது அல்லது தள்ளுபடி, செலவுத்தொகை இல்லை, அப்புறம் “கனெக்டட் மிஸலேனியஸ் பெட்டிஷன் ஈஸ் க்ளோஸ்டு”. யாரும் படிக்காத இந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் தேடுவேன். முதன்மை மனு முடிந்ததால் துணை மனுவும் மூடப்பட்டது என்று பொருள். அந்தத் துணை மனுவில் வாங்கிய தடையும் அதோடு போய்விடும். என் கடைக்காரருக்கு நடந்தது இதுதான். தடையை ரத்து செய்வதாக யாரும் தனியாக உத்தரவு போடவில்லை, வழக்கு விழுந்ததும் தடையும் சேர்ந்து விழுந்தது.

வக்கீல்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் இரண்டு வரியை நம்பி எழுதாதீர்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் தன் கட்சிக்காரருக்குச் சாதகமான வரியைத்தான் முதலில் அனுப்புவார்கள். டிவி ஃப்ளாஷ் அதைவிட மோசம். உத்தரவு நகல் கிடைக்க மாலையாகும் என்றால் மாலைவரை காத்திருப்பதே நல்லது. அவசரமென்றால் `hcservices.ecourts.gov.in` தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டு நிலையைப் பார்க்கலாம். தடை வந்த பிறகும் அங்கே வழக்கு நிலுவையில்தான் இருக்கும், தீர்ப்பு வந்தால் முடிந்ததாக மாறும். என்ன, சில நாள் தாமதமாக மாறும்.

நான் விழுந்த இடம்: ‘தடை’ என்ற சொல்

தமிழில் எழுதுகிறவனுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒன்றைச் செய்யவே கூடாது என்பதும் தடை, ஓர் உத்தரவைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைப்பதும் தடை. இரண்டுக்கும் ஒரே சொல். “தடைக்குத் தடை” என்று தலைப்பு வருகிறதே, அதில் முதல் தடை ஒன்று, இரண்டாம் தடை வேறொன்று.

நமக்கெல்லாம் தெரிந்த ஜல்லிக்கட்டு வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2014 மே 7 அன்று சுப்ரீம் கோர்ட் தமிழ்நாட்டின் 2009 ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் செல்லாது என்றது. இரு தரப்பையும் முழுதாகக் கேட்டு, காரணங்களை எழுதிச் சொன்ன இறுதித் தீர்ப்பு அது. பிறகு 2016 ஜனவரி 7 அன்று மத்திய அரசு சில நிபந்தனைகளோடு ஜல்லிக்கட்டை அனுமதித்து ஓர் அறிவிக்கை வெளியிட்டது. விலங்குநல அமைப்புகள் கோர்ட்டுக்குப் போக, ஜனவரி 12 அன்று, பொங்கலுக்குச் சில நாட்களே இருக்கும்போது, சுப்ரீம் கோர்ட் அந்த அறிவிக்கையை நிறுத்தி வைத்தது.

“ஜல்லிக்கட்டுக்கு சுப்ரீம் கோர்ட் தடை” என்ற தலைப்பை இந்த இரண்டு நாளுக்குமே போடலாம், வாடிவாசலில் நிற்பவருக்கு இரண்டு நாளும் விளைவு ஒன்றுதான், மாடு அவிழ்க்க முடியாது. ஆனால் 2014-இல் கோர்ட் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. 2016-இல் பதில் சொல்லவில்லை, பதில் சொல்லும்வரை இந்த அறிவிக்கையைப் பயன்படுத்தாதே என்றது. அறிவிக்கை நின்றதால் அதற்கு முன்பிருந்த நிலை திரும்பி வந்தது, முன்பிருந்ததோ 2014 தீர்ப்பின் தடை. அதாவது 2016-இல் கோர்ட் நிறுத்தியது ஓர் அரசுக் காகிதத்தை. மாடுபிடி நின்றது அதன் விளைவு.

ஆகவே எழுதும் முன் ஒரு துண்டுத்தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். எது நிறுத்தப்பட்டது? எதுவரை? அது நின்றதால் எந்தப் பழைய நிலை திரும்புகிறது? மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், வாசகர் உண்மையில் தெரிந்துகொள்ள நினைப்பதோ அதைத்தான்.

“நிறுத்தி வைத்தது” என்ற சொல்லை நான் விரும்புவதும் இதனால்தான். “இடைக்காலத் தடை” தப்பில்லை, ஆனால் தலைப்பில் இடம் பற்றாதபோது ‘இடைக்கால’ என்பதைத்தான் முதலில் வெட்டுவார்கள். “ஸ்டே” என்று பேச்சில் சொல்வதைப்போலவே எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, டீக்கடையில்கூட அது எல்லோருக்கும் புரிகிறது. “ரத்து” என்பதை மட்டும் தடை உத்தரவுச் செய்தியில் தொடவே தொடாதீர்கள். ரத்து செய்தால் அந்த உத்தரவே இல்லாமல் போகும். நிறுத்தி வைத்தால் அது இருக்கும், வேலை செய்யாது. இந்த வித்தியாசத்தை சுப்ரீம் கோர்ட்டே 1992-இல் ஒரு வழக்கில் விளக்கியிருக்கிறது.

இப்போது எழுதிப் பார்ப்போம்

2016 ஜனவரி 12 இரவு, நீங்கள் டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தவறான முதல் வரி இப்படி வரும்:

“ஜல்லிக்கட்டு சட்டவிரோதமானது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.”

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“ஜல்லிக்கட்டை அனுமதித்து மத்திய அரசு ஜனவரி 7-ஆம் தேதி வெளியிட்ட அறிவிக்கையை சுப்ரீம் கோர்ட் செவ்வாய்க்கிழமை நிறுத்தி வைத்தது. அந்த அறிவிக்கை செல்லுமா என்பதைக் கோர்ட் இன்னும் முடிவு செய்யவில்லை, அதுபற்றிய விசாரணை தொடரும். அறிவிக்கை நின்றுவிட்டதால் 2014 தீர்ப்பின்படி இருந்த தடை மீண்டும் நடைமுறைக்கு வருகிறது. இந்தப் பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு நடத்த முடியாது.”

இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். “இன்னும் முடிவு செய்யவில்லை” என்பதை முதல் பத்தியிலேயே, வெளிப்படையாக எழுதுங்கள். எட்டாவது பத்தியில் “வழக்கு நிலுவையில் உள்ளது” என்று போட்டால் யார் படிக்கப்போகிறார்கள்?

நீதிபதி விசாரணையின்போது வாய்மொழியாகச் சொன்னதைத் தீர்ப்பாக்குவதும் கூடாது. தடை கொடுக்கும்போது கோர்ட் பார்ப்பது, மனுவில் முகாந்திரம் இருக்கிறதா, நிறுத்தினால் யாருக்குச் சிரமம் அதிகம், நிறுத்தாவிட்டால் ஈடுசெய்ய முடியாத இழப்பு வருமா என்பவற்றைத்தான். இடித்த கட்டடத்தைத் தீர்ப்பு வந்து மறுபடி நிறுத்த முடியாது, அதனால் இடிப்பதற்கு ஸ்டே கிடைக்கும். கட்டடம் சட்டப்படி கட்டியதுதான் என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

தடை தர மறுத்தால்?

இதையும் பலர் தீர்ப்பாக எழுதிவிடுகிறார்கள். 2017 ஜனவரி மெரினா போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அந்த மாதம் 31-ஆம் தேதி, அதை நிறுத்தி வைக்க சுப்ரீம் கோர்ட் மறுத்தது. சட்டம் செல்லும் என்று அன்றைக்குக் கோர்ட் சொல்லவில்லை. வழக்கு 2018-இல் அரசியல் சாசன அமர்வுக்குப் போய், 2023 மே 18 அன்றுதான் ஐந்து நீதிபதிகள் திருத்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு சொன்னார்கள். இடையில் ஆறு வருடம் ஜல்லிக்கட்டு நடந்துகொண்டே இருந்தது, வழக்கும் நடந்துகொண்டே இருந்தது. “தடை இல்லை” என்று தலைப்பு போட்டால், “வழக்கு தொடரும்” என்பதையும் உபதலைப்பில் போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 1: “ஆறு மாதம் ஆனால் ஸ்டே தானாகவே காலாவதியாகிவிடும் என்கிறார்களே?” என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 2018-இல் சுப்ரீம் கோர்ட் அப்படி ஒரு தீர்ப்பு சொன்னது உண்மைதான். 2024 பிப்ரவரி 29 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. ஐகோர்ட் கொடுத்த தடை, காலம் கடந்த ஒரே காரணத்தால் தானாக நீங்காது. ஆனால் உத்தரவிலேயே “நான்கு வாரம்” என்று இருந்தால் அது வேறு. அப்போது நீட்டிப்பு கிடைத்ததா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

பின்சேர்க்கை 2: கிரிமினல் வழக்கைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன் என்று ஒரு வாசகர் பிடித்துவிட்டார். அங்கே தண்டனையை நிறுத்தி வைப்பது ஒன்று, குற்றவாளி என்ற தீர்ப்பை நிறுத்தி வைப்பது வேறொன்று. ராகுல் காந்தி வழக்கில் இரண்டும் தனித்தனியாகவே நடந்தன. 2023 மார்ச் 23 அன்று சூரத் கோர்ட் இரண்டு வருடச் சிறைத்தண்டனை விதிக்க, எம்.பி. பதவி போனது. ஏப்ரல் தொடக்கத்தில் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டு ஜாமீனும் கிடைத்தது, ஆனாலும் பதவி திரும்பவில்லை. ஆகஸ்ட் 4 அன்று சுப்ரீம் கோர்ட் குற்றவாளி என்ற தீர்ப்பையே நிறுத்தி வைத்த பிறகுதான், 7-ஆம் தேதி பதவி திரும்பியது. அதற்காக “விடுதலை” என்று எழுதிவிடக் கூடாது, மேல்முறையீடு அன்றைக்கு சூரத்தில் அப்படியே நிலுவையில் இருந்தது.