கேஸ் கிட் போட்ட காசு எத்தனை மாதத்தில் திரும்பும்?

பெட்ரோல் காரை எல்பிஜிக்கு மாற்றுமுன் பலரும் இரண்டு எரிபொருளின் விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். அது தப்பு. அதே தூரம் ஓட எல்பிஜி லிட்டர் கணக்கில் 20 முதல் 25 சதவீதம் கூடுதலாகச் செலவாகும்.

முதலில் மூன்று மாத பெட்ரோல் பில்களையும் ஓடோமீட்டர் அளவையும் எடுத்து மாதச் சராசரி பாருங்கள். மாதம் 1,200 கி.மீ., 100 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100, கேஸ் 60, மாற்றும் செலவு 40,000 (எந்தப் பணமானாலும் சரி). மேலோட்டமாகப் பார்த்தால் மாதம் 4,000 மிச்சம், பத்து மாதத்தில் காசு திரும்பிவிடும்.

ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலைக்கு 1.25 லிட்டர் கேஸ் வேண்டும். அதன் விலை 75. மிச்சம் 25தான். அப்புறம், இன்ஜின் சூடாகும்வரை வண்டி பெட்ரோலில்தான் ஓடும். அதற்கு 10 லிட்டர் போனால், 90 லிட்டருக்கு 2,250 மிச்சம். ஃபில்டர், பரிசோதனைக்கு மாதம் 250 கழித்தால் 2,000. ஆக, இருபது மாதம்!

ஓட்டம் பாதியானால் எரிபொருள் மிச்சமும் பாதியாகும், ஆனால் அந்த 250 குறையாது. எனவே மிச்சம் மாதம் 875 ஆகிவிடும். 46 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் காரை விற்கும் எண்ணமிருந்தால் நான் மாற்றமாட்டேன்.

மாற்றிய பிறகும் பெட்ரோல் பில்லைத் தனியாக எழுதி வையுங்கள். அது எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்றால், குறுந்தூர ஓட்டம் அதிகம், அல்லது வண்டி அடிக்கடி பெட்ரோலுக்குத் தாவுகிறது. பொருத்தியவரிடம் காட்டுங்கள்.