வேகக் கணக்கு: முழுதாகக் காட்டி, பாதியில் விட்டு, தனியாகப் போட வைப்பது எப்படி?

ஏழாம் வகுப்பில் வேகத்துக்கான சூத்திரத்தைக் கேட்டால் வகுப்பே ஒரே குரலில் சொல்லிவிடும். "ஒரு பஸ் 1 மணி 30 நிமிடத்தில் 78 கி.மீ. செல்கிறது, அதன் வேகம் என்ன?" என்று கேட்டால் பலர் 60 என்று எழுதுவார்கள். சரியான விடை 52. ஒன்றரை மணியை 1.30 என்று எழுதி வகுத்தால் 60 வரும். கால்குலேட்டரும் அதை மறுக்காது.

இந்த எண்களை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். சரியாக வகுத்தாலும் தவறாக வகுத்தாலும் முழு எண் வருவதால், விடையைப் பார்த்ததும் எந்த வரியில் சறுக்கினார்கள் என்று தெரிந்துவிடும்.

படி 1: முழுக் கணக்கு

கரும்பலகையின் இடது பாதியில் எழுதுங்கள்:

தொலைவு = 78 கி.மீ.
காலம் = 1 மணி 30 நிமிடம் = 1 + 30/60 = 1.5 மணி
வேகம் = தொலைவு ÷ காலம்
= 78 ÷ 1.5
= 52 கி.மீ./மணி

எழுதி முடித்ததும் விடையைப் பற்றிக் கேட்க வேண்டாம்; இரண்டாவது வரியைப் பற்றிக் கேளுங்கள். "ஏன் 60-ஆல் வகுத்தோம்? 1.30 மணி என்றால் எத்தனை நிமிடம்?" 78 நிமிடம் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு இன்னொரு முழுக் கணக்கு: சைக்கிளில் 2 நிமிடத்தில் 600 மீட்டர். 120 வினாடி, ஆகவே 5 மீ./வி. அலகு மாறினாலும் வரிகளின் வரிசை மாறுவதில்லை என்பது இதில் தெரியும்.

இதற்கு ஸ்லைடைவிடக் கரும்பலகையே எனக்குப் பிடிக்கும். அடுத்த ஸ்லைடுக்குப் போனால் முந்தையது மறைந்துவிடும். பலகையில் எழுதியது அடுத்த படி முடியும்வரை கண்முன் நிற்கும்.

படி 2: பாதிக் கணக்கு

எந்த வரியை முதலில் நீக்குவது? கடைசி வரியை. பின்னிருந்து நீக்கிக்கொண்டே வரும் இந்த முறையை ரெங்கல், அட்கின்சன் போன்ற கல்வி உளவியலாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். காரணம் எளியது: கடினமான வரியைச் சில முறை முழுதாகப் பார்த்த பிறகே அதை மாணவர் தாமே எழுத வேண்டிவரும்.

முதல் கணக்கு: 45 நிமிடத்தில் 27 கி.மீ. 27 ÷ 0.75 வரை நீங்களே எழுதிக் கொடுங்கள், 36 கி.மீ./மணி என்ற விடையும் அலகும் அவர்கள் வேலை. இரண்டாவது: 1 மணி 12 நிமிடத்தில் 54 கி.மீ. காலம் = 1.2 மணி என்பதோடு நிறுத்துங்கள். சூத்திரம், பிரதியிடல், விடை (45) மூன்றும் அவர்களுடையவை. மூன்றாவது: 2 மணி 30 நிமிடத்தில் 115 கி.மீ. தொலைவு மட்டும் எழுதிக் காலத்தின் வரியைக் காலியாக விடுங்கள்.

என் வகுப்பில் முட்டிய இடம் இந்தக் காலி வரிதான். "காலம் = 2 + __/60" என்று கோடிட்டால், கேள்வியில் கிடக்கும் 30-ஐ எடுத்துச் செருகிவிடுவார்கள்; எல்லாம் சரியாக வரும், எதுவும் புரிந்திருக்காது. ஆகவே முழு வரியையும் காலியாக விட்டு, பக்கத்தில் "ஏன் இப்படி மாற்றினாய்?" என்று ஒரு வாக்கியம் கேளுங்கள். விடை 46 என்றால் மேலே போகலாம். 50 என்றால் 2.30 மீண்டும் வந்துவிட்டது. அவருக்கு இன்னொரு முழுக் கணக்கு வேண்டும்.

படி 3: தனியாக

இப்போது கரும்பலகையை அழித்துவிடுங்கள். கணக்குகளைக் கலந்து கொடுங்கள்: அலகு மாற்றமே தேவைப்படாத ஒன்று (3 மணியில் 150 கி.மீ.) கட்டாயம் இருக்கட்டும். இல்லாவிட்டால் கேள்வியைப் படிக்காமலே எல்லாவற்றிலும் 60-ஐத் தேடுவார்கள். கடைசியாக, 50 கி.மீ./மணி வேகத்தில் 120 கி.மீ. செல்ல எவ்வளவு நேரம்? 2.4 மணி. இதை 2 மணி 40 நிமிடம் என்று எழுதினால் அதே தவறு எதிர்த்திசையில் திரும்பியிருக்கிறது. சரியானது 2 மணி 24 நிமிடம்.

சூத்திரத்தை முக்கோணத்தில் அடைத்துக் கையால் மறைக்கும் உத்தியை நான் சொல்லித்தருவதில்லை. எதை எதால் வகுப்பது என்று அது காட்டும். நிமிடத்தை என்ன செய்வது என்று காட்டாது.

பின்சேர்க்கை

ஏற்கெனவே கணக்குப் போடத் தெரிந்தவர்கள் சலித்துக்கொள்கிறார்கள் என்று ஓர் ஆசிரியர் எழுதியிருந்தார். உண்மைதான், தெரிந்தவருக்கு முழுக் கணக்கு வெறும் பாரம். வகுப்பின் தொடக்கத்தில் 115 கி.மீ. கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். 46 என்று எழுதியவர்களை நேராகப் படி 3-க்கு அனுப்பிவிட்டு, பாதிக் கணக்கில் வேறு எண்களை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் 1 மணி 20 நிமிடத்தில் 80 கி.மீ. கொடுத்திருக்கிறார், மாணவர்கள் 1.333-இல் சிக்கிக்கொண்டார்களாம். தசமம் முடியாத இடங்களில் பின்னமாகவே விடுங்கள்: 80 ÷ (4/3) = 60 கி.மீ./மணி. பின்ன வகுத்தல் இன்னும் கைவராத வகுப்பு என்றால் 15, 30, 45 நிமிடங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.