வாரண்டித் தாளின் பின்பக்கப் பொடி எழுத்து: போட்டோவிலிருந்து தமிழுக்கு

திருக்கடலூரில் இருக்கும் என் சித்தப்பா ஜூன் மாதம் வள்ளத்துக்குப் புது எஞ்சின் எடுத்தார். வாரண்டித் தாளின் பின்பக்கத்தில் இரண்டு நிரலாக, சாம்பல் நிறப் பொடி எழுத்தில், 24 நிபந்தனைகள். எல்லாம் ஆங்கிலம். "தம்பி, இதில என்ன கிடக்கு எண்டு பார்த்துச் சொல்லு" என்று போட்டோ அனுப்பினார். நான் வாசித்துவிட்டு ஐந்து வரியில் சுருக்கம் எழுதி அனுப்பினேன். அதில் ஒரு வரி: "பழுது வந்தால் எழுத்தில் அறிவிக்க வேண்டும்."

நவம்பரில் கியர் பழுதானது. வாடைக் காலம், கடல் கொந்தளிப்பு, வள்ளம் கரையில் ஏற்றிக் கிடந்தது. அவசரம் இல்லை என்று நினைத்து, கடைக்குப் போனில் மட்டும் சொல்லிவிட்டு 19ஆம் நாள்தான் கடிதம் கொடுத்தார். மறுத்துவிட்டார்கள். 17ஆம் நிபந்தனையில் "பழுதைக் கண்டு 14 நாட்களுக்குள்" என்று இருந்தது. என் சுருக்கத்தில் பொய் இல்லை. நாள் கணக்கு மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

1. போட்டோ

முழுப் பக்கத்தையும் ஒரே படத்தில் எடுக்காதீர்கள். 12 மெகாபிக்சல் கமரா என்றால் படத்தின் நீளம் 4000 பிக்சல் அளவு. ஏ4 தாள் முழுவதும் அதற்குள் வந்தால் அங்குலத்துக்குச் சுமார் 300 பிக்சல்தான் மிஞ்சும். 6 புள்ளி எழுத்தில் ஒரு சிறிய எழுத்தின் உயரம் அப்போது 12 பிக்சல் அளவுதான். அதை வைத்து எந்த மென்பொருளும் 6ஐ 8 என்று வாசித்துவிடக்கூடும். தாளை நான்கு துண்டாக எடுத்தால் இந்த உயரம் இரட்டிப்பாகும். துண்டுகள் ஓரத்தில் இரண்டு வரியாவது ஒன்றின்மேல் ஒன்று விழட்டும்.

பிளாஷ் வேண்டாம். பளபளப்பான தாளில் நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்து அந்த வரியையே தின்றுவிடும். ஜன்னல் பக்கம் வெயில் நேரே படாத இடம் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கித்தான் வந்து சேரும். சித்தப்பா முதலில் அனுப்பியது அப்படித்தான் வந்தது.

2. எழுத்தாக்குதல்

போனைப் பக்கத்துக்கு நேரே காட்டினால் மொழிபெயர்ப்பை மேலேயே ஒட்டிக் காட்டும் செயலிகள் உண்டு. கடைப் பலகைக்கு அவை சரி. நிபந்தனைத் தாளுக்கு எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் மூலத்தை மறைத்துவிடுகின்றன. எது விடுபட்டது என்று பார்க்கவே முடியாது. படத்தில் இருக்கும் எழுத்தை எழுத்துக் கோப்பாக மாற்றித் தரும் டெசராக்ட் மென்பொருளைத்தான் நான் பயன்படுத்துகிறேன். ஒவ்வொரு நிரலையும் தனித்தனியாக வெட்டிய பிறகு:

```
tesseract left.jpg left -l eng --psm 6
```

எழுத்து `left.txt` கோப்பில் வந்து சேரும். வெட்டாமல் இப்படிக் கொடுத்தால் இடது நிரலின் வரியும் வலது நிரலின் வரியும் ஒன்றாக ஓடும். 3ஆம் நிபந்தனையின் பாதியும் 15ஆம் நிபந்தனையின் பாதியும் சேர்ந்து, வாசிக்க ஓரளவு பொருளுள்ள ஒரு வாக்கியம் கூடக் கிடைக்கலாம். அதுதான் ஆபத்து.

இலக்கங்களைத் தாளோடு ஒப்பிடுங்கள். இப்படியான தாள்களில் பல இடங்களில் எண்ணைச் சொல்லாலும் எழுதி, அடைப்புக்குள் இலக்கத்தையும் போட்டிருப்பார்கள். சொல்லும் இலக்கமும் ஒத்துப்போகாவிட்டால் அநேகமாக மென்பொருளின் பிழைதான்.

3. சுருக்கமா, முழு மொழிபெயர்ப்பா?

நான் விழுந்த இடம் இது. எல்லாவற்றையும் சுருக்கினால் சித்தப்பாவுக்கு நடந்தது நடக்கும். 24ஐயும் முழுதாக மொழிபெயர்த்துக் கொடுத்தால் அவர் வாசிக்கவே மாட்டார், அதுவும் உண்மை. ஆகவே ஒவ்வொரு நிபந்தனையையும் முழுதாக வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன்: இதைப் படிக்கிறவர் ஏதாவது செய்யவேண்டுமா, அல்லது எதையாவது இழப்பாரா? ஆம் என்றால் முழு மொழிபெயர்ப்பு. இல்லை என்றால் ஒரு வரி.

பொதுவிதியை முறிக்கும் சொற்கள் உள்ள எந்த நிபந்தனையையும் சுருக்குவதில்லை. அவற்றைத் தேட:

```
grep -n -i -E "notwithstanding|provided|unless|except|subject to|whichever" left.txt
```

எங்கள் தாளில் 3ஆம் நிபந்தனை 12 மாத வாரண்டி என்கிறது. "12 மாதம்" என்று எழுதிவிட்டு நகர ஆசையாக இருக்கும். ஆனால் 4ஆம் நிபந்தனை `notwithstanding` என்ற நீளமான சொல்லோடு தொடங்குகிறது. "3இல் என்ன சொல்லியிருந்தாலும்" என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் போகும் அதை நான் மூன்றாக உடைத்தேன்:

"எஞ்சினுக்கு வாரண்டி 12 மாதம். ஆனால் எஞ்சினை வைத்து வருமானம் தேடினால் 6 மாதம் மட்டுமே. அப்படியான இடத்தில் 3ஆம் நிபந்தனையின் 12 மாதம் பொருந்தாது."

மீன்பிடிக்கிறவருக்கு இரண்டாவது வாக்கியம்தான் வாரண்டி. என் முதல் சுருக்கத்தில் இதுவும் இல்லை. நவம்பர் ஐந்தாம் மாதம் என்பதால் அதில் தப்பித்தோம், 17இல் மாட்டினோம்.

கடைசியில் கணக்கு இப்படி வந்தது: 9 நிபந்தனைகள் முழுதாக, 13 ஒரு வரியில், 2 எனக்கே விளங்கவில்லை. விளங்காத இரண்டையும் ஊகித்து எழுதவில்லை. "கடையில் கேட்கவும்" என்று குறித்து, என்ன கேட்கவேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன்.

4. மொழிபெயர்க்கும்போது

1ஆம் நிபந்தனையில் பெரும்பாலும் சொற்களுக்கு வரைவிலக்கணம் இருக்கும். அதைத் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் தாளில் "பொருள்" என்றால் எஞ்சின் மட்டும். எண்ணெய்த் தாங்கியும் விசிறியும் அதற்குள் வராது. அந்தச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்தால் கடைசி வரை அதையே வைத்திருங்கள். அழகுக்காக மாற்றினால் வேறு பொருள் என்று நினைப்பார்கள்.

அடுத்தது `shall`, `may` இரண்டும். முதலாவது கட்டாயம். இரண்டாவது பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பம். "மாற்றித் தரலாம்" என்று நான் எழுதியதைச் சித்தப்பா "மாற்றித் தருவார்கள்" என்றே எடுத்துக்கொண்டார். இப்போது "நிறுவனம் விரும்பினால் மாற்றித் தரும், விரும்பாவிட்டால் தராது" என்று எழுதுகிறேன். நீளம்தான், பரவாயில்லை.

முழு மொழிபெயர்ப்பின் மேலே தனியாக ஒரு சிறிய பட்டியல் போடுங்கள்: எத்தனை நாளுக்குள் என்ன செய்யவேண்டும், எதில் எழுதிக் கொடுக்கவேண்டும். எங்கள் தாளுக்கு இரண்டே வரி. முதல் சேர்விஸ் 20 மணி நேர ஓட்டத்துக்குள் அல்லது ஒரு மாதத்துக்குள், எது முந்துகிறதோ அது. பழுது வந்தால் 14 நாட்களுக்குள் கடிதம், போன் கணக்கில் வராது. சித்தப்பா இதை எஞ்சின் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறார்.

வழக்குக்கோ முறைப்பாட்டுக்கோ போகிறதென்றால் உங்கள் மொழிபெயர்ப்பு உதவாது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். அதற்கு முன் கடையில் தமிழ்ப் பிரதி இருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். நான் கேட்கவே இல்லை.

பின்சேர்க்கை: நிலாவெளியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார், தேடலில் எதுவும் சிக்கவில்லை, ஆனால் தாளில் அந்தச் சொல் இருக்கிறது என்று. நிரல் குறுகலாக இருந்தால் நீளமான சொல் இடையில் கோடு போட்டு இரண்டு வரியாக உடைந்துவிடும். தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள்:

```
sed -z 's/-\n//g' left.txt > left2.txt
```

பிறகு `left2.txt` கோப்பில் தேடுங்கள். `subject to` இரண்டு வரியாகப் பிரிந்தால் இதற்கும் சிக்காது, ஆகவே `subject` என்று மட்டும் தேடுவது நல்லது.